பேட்டரிக்குப் பாதிதான்: மின்வண்டி பாலிசியில் கவனிக்க வேண்டிய வரி

மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியின் உள்பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். விபத்தில் சேதமான பாகத்தை மாற்றும்போது அதன் விலையில் எவ்வளவு தேய்மானமாகக் கழிக்கப்படும் என்று சொல்லும் பட்டியல் அது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று அதில் இருக்கும். வண்டி வாங்கி ஒரு மாதமே ஆகியிருந்தாலும் இதே கணக்குதான்.

பெட்ரோல் வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரி இது. அந்தக் காலத்தில் பேட்டரி என்றால் சீட்டுக்கு அடியிலோ பானெட்டுக்குள்ளோ இருக்கும் 12 வோல்ட் பெட்டி. ஸ்கூட்டருக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் பாதியைக் கையிலிருந்து போட யாரும் முகம் சுளிக்கவில்லை. இன்று மின் ஸ்கூட்டரில் பேட்டரி என்பது வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ விழுங்கும் பாகம். பட்டியலில் இருக்கும் சொல் மட்டும் மாறவில்லை. மின்வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்சூரன்ஸில் வரும் பெரும்பாலான அதிர்ச்சிகள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

மின்வண்டிக்கென்று தனியாக ஒரு சட்டமோ, அடியிலிருந்து முடிவரை புதிதாக எழுதிய பாலிசியோ இல்லை. அதே மோட்டார் வாகனச் சட்டம், அதே தேர்ட் பார்ட்டி கட்டாயம், அதே சொந்தச் சேதக் காப்பு. மூன்றாம் நபருக்கான பகுதியில் உள்ள வித்தியாசம் சாதகமானது. பெட்ரோல் வண்டிக்கு சி.சி. அளவை வைத்தும், மின்வண்டிக்கு மோட்டாரின் கிலோவாட் அளவை வைத்தும் இந்த பிரீமியம் தீர்மானமாகிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிக்கை மின்வண்டிகளுக்கு 15 சதவீதம் சலுகை கொடுத்தது. அதன்படி 75 முதல் 150 சி.சி. வரையிலான பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், 3 முதல் 7 கிலோவாட் வரையிலான மின் ஸ்கூட்டருக்கு 607 ரூபாய். உங்கள் வண்டி இன்னொருவர் மேல் மோதினால் அவருக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீட்டில் பெட்ரோல், மின்சாரம் என்ற பேதம் கிடையாது.

வித்தியாசம் முழுவதும் சொந்தச் சேதப் பகுதியில்தான் இருக்கிறது. அதை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும். தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. விதிகள் பாலிசியில் உள்ளவை.

ஒரு மின் ஸ்கூட்டர். விலை 1,40,000 ரூபாய். வாங்கி 14 மாதம் ஆகிறது. இரண்டாம் ஆண்டு பாலிசியில் வண்டியின் மதிப்பாக, அதாவது ஐ.டி.வி.யாக, 20 சதவீதம் கழித்து 1,12,000 ரூபாய் எழுதியிருக்கிறார்கள். ஆட்-ஆன் எதுவும் எடுக்கவில்லை. மழையில் சறுக்கி வண்டி சாலை நடுவே இருக்கும் தடுப்புக் கட்டையில் ஏறி இறங்குகிறது. கால் வைக்கும் தளத்துக்குக் கீழே இருக்கும் பேட்டரிப் பெட்டி அடிபட்டு விரிசல் விட்டிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, இதைப் பழுது பார்க்க முடியாது, முழுப் பேட்டரியையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் செல்களில் ஒன்று நசுங்கியிருந்தாலும் அது நாள்கள் கழித்துச் சூடாகலாம் என்பதால் விரிசல் விட்ட பெட்டியைத் திரும்பப் பொருத்த உற்பத்தியாளர் அனுமதிப்பதில்லை.

எஸ்டிமேட் வருகிறது. பேட்டரி 60,000, பிளாஸ்டிக் பாகங்கள் 9,000, உலோகப் பாகங்கள் 8,000, வேலைக்கூலி 3,000. மொத்தம் 80,000. இனி சர்வேயர் கழிப்பார். பேட்டரியில் பாதி, 30,000. பிளாஸ்டிக்கில் பாதி, 4,500. உலோகத்துக்கு ஓராண்டு கடந்த வண்டி என்பதால் 10 சதவீதம், 800. கூலியில் கழிவு இல்லை. இதற்கு மேல் கட்டாயக் கழிவு 100 ரூபாய். கம்பெனி தருவது 44,600. வண்டிக்காரர் கையிலிருந்து போடுவது 35,400. இதே விபத்தில் இதே அளவு அடிபட்ட பெட்ரோல் ஸ்கூட்டருக்கு பேட்டரி வரியே வராது. பிளாஸ்டிக், உலோகக் கழிவோடு ஐயாயிரத்து சொச்சத்தில் முடிந்திருக்கும்.

இன்னும் விசித்திரமான ஒன்று. இதே விபத்து அடுத்த ஆண்டு நடந்ததாக வைத்துக்கொள்வோம். ஐ.டி.வி. இப்போது 30 சதவீதம் குறைந்து 98,000. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு நஷ்டமாகக் கருதப்படும் என்பது விதி. 98,000-க்கு 75 சதவீதம் 73,500. எஸ்டிமேட் 80,000. ஆகவே வண்டி முழு நஷ்டம். முழு நஷ்டத்தில் பாகம் பாகமாகத் தேய்மானம் கழிப்பதில்லை, ஐ.டி.வி.யை அடிப்படையாக வைத்துத் தீர்க்கிறார்கள். பேட்டரிக்குப் பாதி என்ற வரி அங்கே நுழையாது. வண்டி மொத்தமாக எரிந்து போனாலும், திருடு போனாலும் இப்படித்தான். மின்வண்டிக்காரரை உண்மையில் வாட்டுவது பெருஞ்சேதத்தை விட, பேட்டரியை மட்டும் தொட்டுவிட்டுப் போகும் நடுத்தரச் சேதம்தான். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அபூர்வமான முழு நஷ்டத் தீர்ப்பு, மின் ஸ்கூட்டருக்குச் சற்று வயதானதும் எளிதில் வந்துவிடுகிறது. காரணம் அதே ஒற்றைப் பாகத்தின் விலை.

இதற்கு மருந்து ஜீரோ டெப் என்று எல்லோரும் சொல்வார்கள். பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் ஆட்-ஆன் அது. "ஜீரோ டெப் போட்டிருக்கோம் சார், எல்லாமே கவர் ஆயிடும்" என்று ஷோரூமில் சொல்லும்போது அந்த 'எல்லாமே'யில் பேட்டரி உண்டா என்று கேட்க வேண்டும். ஆட்-ஆன் வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒன்றில் டயர், டியூப் மட்டும் விலக்காக இருக்கும். இன்னொன்றில் அவற்றோடு பேட்டரியும் விலக்காக இருக்கலாம். பெட்ரோல் வண்டிக்கு அந்த விலக்கு ஒரு பொருட்டே இல்லை. மின்வண்டிக்கு, மேலே பார்த்த கணக்கில் 35,400-இல் 30,000 அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. ஜீரோ டெப்பில் பேட்டரி உண்டு என்று எழுத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை பேட்டரிக்கான தனி ஆட்-ஆனில் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

அந்தத் தனி ஆட்-ஆன் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள, பாலிசியின் இன்னொரு விலக்கைப் பார்க்க வேண்டும். தேய்மானம், இயல்பான தேய்வு, இயந்திர அல்லது மின்சாரப் பழுது ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்பது அடிப்படை பாலிசியின் வாசகம். பெட்ரோல் வண்டியில் மின்சாரப் பழுது என்றால் ஹாரன், ஹெட்லைட், செல்ஃப் மோட்டார். மின்வண்டியில் ஓட்டும் பாகம் முழுவதுமே மின்சாரம். சார்ஜில் போட்டிருக்கும்போது வோல்டேஜ் எகிறி, பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். போர்டு போய்விட்டது என்றால், அது விபத்தா, மின்சாரப் பழுதா? வெளிக்காரணம் எதுவும் காட்ட முடியாவிட்டால் பழுது என்றே சர்வேயர் எழுதுவார். அடிப்படை பாலிசியில் பணம் வராது. பேட்டரி பாதுகாப்பு என்ற பெயரில் விற்கும் ஆட்-ஆன்கள் ஷார்ட் சர்க்யூட், மின்னழுத்த ஏற்ற இறக்கம், நீர் புகுதல் போன்றவற்றைத் தங்கள் வாசகத்துக்குள் கொண்டுவருவதற்காகவே வந்தவை. பெயரைப் பார்த்து வாங்காமல், இந்த மூன்றும் அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எந்த ஆட்-ஆனும் தராத ஒன்றும் உண்டு. முன்பு 100 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 75தான் ஓடுகிறது என்பது இன்சூரன்ஸ் விஷயமே இல்லை. அது இயல்பான தேய்வு. அதற்கு உற்பத்தியாளரின் வாரண்டியைத்தான் நாட வேண்டும். கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற வாரண்டி பரவலாகத் தரப்படுகிறது; ஸ்கூட்டர்களில் 3 ஆண்டிலிருந்து மாடலைப் பொறுத்துக் கூடும். வாரண்டிக்காரர் விபத்துச் சேதத்தைத் தொட மாட்டார், இன்சூரன்ஸ்காரர் உற்பத்திக் குறையைத் தொட மாட்டார். இரண்டு பேரும் மற்றவரைக் கை காட்டினால், பேட்டரி ஏன் செயலிழந்தது என்ற சர்வீஸ் சென்டரின் எழுத்துமூலமான அறிக்கையை வாங்கிக்கொள்வதுதான் முதல் வேலை. பி.எம்.எஸ். தன்னுள் வெப்பநிலை, மின்னழுத்தம், பிழைக் குறியீடு ஆகியவற்றைப் பதிவு செய்து வைத்திருக்கும். அந்தப் பதிவைக் கேட்டு வாங்குவது வண்டிக்காரரின் நியாயமான கோரிக்கை.

இனி தீ. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டுக்குள் இரவில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவரது மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டுக் கோடையில் நாட்டின் பல இடங்களில் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற தரவிதியை இறுக்கி, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு செல்லில் பிடித்த தீ அடுத்த செல்களுக்குப் பரவுவதைச் சோதிப்பது, ஆபத்து வரும்போது ஒலியும் ஒளியுமாக எச்சரிப்பது, சார்ஜருக்கான பாதுகாப்பு அம்சங்கள் எல்லாம் அதில் வந்தன. பழைய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் பேட்டரி எந்தக் காலத்தில் தயாரானது என்று பார்க்க இது ஒரு காரணம்.

தீயைப் பொறுத்தவரை அடிப்படை பாலிசி தாராளமாகவே இருக்கிறது. தீ, வெடிப்பு, தானே தீப்பற்றுதல், மின்னல் என்று வரிசையாக எழுதியிருக்கும். 'தானே தீப்பற்றுதல்' என்ற சொல் மின்வண்டி வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது. ஆகவே நின்ற இடத்தில் வண்டி எரிந்தால் கிளைம் கேட்க அடிப்படை உண்டு. ஆனால் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு பைசா கிடைக்காது. புதிய இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டு தேர்ட் பார்ட்டி காப்பை முதலிலேயே கட்டிவிடுவதால், சொந்தச் சேதப் பகுதி ஓராண்டில் முடிந்ததைப் பலர் கவனிப்பதே இல்லை. "இன்சூரன்ஸ் இன்னும் நாலு வருஷம் இருக்கு" என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். தீயோ திருட்டோ வந்த பிறகுதான் அது எந்த இன்சூரன்ஸ் என்று தெரியவருகிறது.

சர்வேயர் தீ கிளைமில் தேடுவது காரணத்தை. கம்பெனி கொடுத்த சார்ஜரா, கடையில் வாங்கிய வேறு சார்ஜரா? ஒரிஜினல் பேட்டரியா, கூடுதல் தூரம் ஓடுவதற்காக உள்ளூரில் கட்டித் தந்த பேட்டரியா? வயரிங்கைப் பிரித்து வேறு எதையாவது கோத்திருக்கிறார்களா? பெட்ரோல் வண்டியில் அங்கீகாரமில்லாமல் பொருத்திய கேஸ் கிட்டுக்கு எந்த இடமோ, அந்த இடம் இங்கே மாற்று பேட்டரிக்கு. பாலிசி எடுத்தபோது சொன்ன வண்டி இதுவல்ல என்று கம்பெனி சொல்லிவிடும். மின்வாரிய லைனிலிருந்து எர்த் இல்லாத சாதாரண பிளக்கில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகச் சார்ஜ் போட்டிருந்தாலும் கேள்வி வரும். 16 ஆம்பியர் தனி சாக்கெட், சரியான எர்த், மின்கசிவு வந்தால் தானே அணையும் டிரிப்பர் இருக்கிறது என்று காட்டும் எலக்ட்ரீஷியன் பில் ஒன்றைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.

வண்டி எரிந்ததற்கு பாலிசி உண்டு, சரி. வீடு? மோட்டார் பாலிசி உங்கள் வண்டிக்கானது. உங்கள் சுவர், பீரோ, டி.வி. எதற்கும் அதில் இடமில்லை. மூன்றாம் நபர் சொத்துச் சேதப் பகுதியும் உதவாது, ஏனென்றால் உங்கள் வீடு மூன்றாம் நபரின் சொத்து அல்ல. பக்கத்தில் நின்ற வேறொருவரின் வண்டி எரிந்தால் அந்தப் பகுதியைக் கேட்கலாம். அதற்கும் இருசக்கர வாகனப் பாலிசியில் 1 லட்சம் ரூபாய் வரம்பு உண்டு. சார்ஜில் நின்ற வண்டி 'பயன்பாட்டில்' இருந்ததா என்ற வாதமும் கிளம்பலாம். பெட்ரோல் வண்டியை யாரும் இரவு முழுவதும் கூடத்தில் வைத்து எரிபொருள் நிரப்புவதில்லை என்பதால் இந்தச் சிக்கல் முன்பு எழவே இல்லை. வீட்டில் சார்ஜ் போடுபவர்களுக்கு வீட்டுக் காப்பீடு இப்போது மோட்டார் பாலிசியின் மறுபாதி. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் பாரத் க்ருஹ ரக்ஷா என்ற பொதுவடிவ பாலிசி, வீட்டையும் உள்ளிருக்கும் பொருள்களையும் தீயிலிருந்து காக்கிறது.

சார்ஜரும் இப்படித்தான் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. டிக்கியில் வைத்து எடுத்துப்போகும் சார்ஜரை மட்டும் யாராவது திருடிப்போனால் அடிப்படை பாலிசி தராது. இருசக்கர வாகனத்தின் துணைப்பொருள் திருட்டுக்கு, வண்டியும் சேர்ந்து திருடு போயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுவரில் பதித்த கார் சார்ஜர் வண்டியின் பாகம் அல்ல, கட்டடத்தின் பாகம். அதை வீட்டுப் பாலிசியின் மதிப்பில் சேர்க்கச் சொல்ல வேண்டும், அல்லது சார்ஜருக்கென்று இருக்கும் மோட்டார் ஆட்-ஆனில் அது நிற்கும் முகவரியோடு எழுதச் சொல்ல வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் காரில் தண்ணீர் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்து எஞ்சின் பிடித்துக்கொண்டால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் இல்லை என்று அடிப்படை பாலிசியில் மறுப்பார்கள். அதற்காகத்தான் எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன். மின்வண்டியில் அதற்கு வேலை இல்லை. இங்கே கேள்வி, பேட்டரிக்குள் தண்ணீர் போனதா என்பது. ஐ.பி. 67 என்று பெருமையாக எழுதியிருக்கும். அந்தச் சோதனை 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் வண்டிகள் நாள்கணக்கில் நின்ற தண்ணீருக்கு அந்தச் சோதனை எந்த உத்தரவாதமும் தராது. வெள்ளம் பாலிசி ஏற்கும் ஆபத்துதான். ஆனால் பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டி, சேதம் பெருகினால் அது உரிமையாளர் பொறுப்பு என்று நிபந்தனைகளில் இருக்கிறது. ஆகவே தண்ணீரில் நின்ற மின்வண்டியை ஆன் செய்து பார்ப்பதும், சார்ஜில் போட்டுப் பார்ப்பதும் உயிருக்கும் கிளைமுக்கும் ஒருசேரக் கேடு. போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, வேறு வண்டியில் ஏற்றித்தான் சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும். பெட்டி சூடாக இருந்தாலோ, சீறும் ஓசையோ இனம் தெரியாத இனிப்பு வாடையோ வெள்ளைப் புகையோ வந்தாலோ, பக்கத்தில் போகாமல் ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். அணைந்த லித்தியம் பேட்டரி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கள் கழித்தும், மீண்டும் பற்றிக்கொள்ளும். எரிந்த வண்டியை வீட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் திறந்தவெளியில் தனியாக நிறுத்துங்கள். தீயணைப்புத் துறையின் அறிக்கை கிளைமுக்கு முக்கியமான தாள்.

இரண்டு வகை வண்டிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் சிறிய ஸ்கூட்டருக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். வழக்கமான மோட்டார் பாலிசியும் அதற்குப் பொருந்தாது. அதன் வேகக்கட்டுப்பாட்டை மெக்கானிக்கிடம் கழற்றச் சொன்னால், அந்த நிமிடத்திலிருந்து அது பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனம். யார் மேலாவது மோதினால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில். அடுத்து, பேட்டரியை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர்கள். பேட்டரி இல்லாமல் மின்வண்டியை விற்கவும் பதிவு செய்யவும் 2020 ஆகஸ்டில் மத்திய அரசு அனுமதி தந்தது. அப்படி வாங்கிய வண்டியின் ஐ.டி.வி.யில் பேட்டரியின் விலை சேர்ந்திருக்கிறதா, சேதமானால் அதன் உரிமையாளரான நிறுவனத்துக்கு யார் பணம் தர வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும். பாலிசியையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அந்த நிலைக்குப் போகாமலிருக்க, அடுத்த ரென்யூவலுக்கு முன் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "விபத்தில் என் வண்டியின் ஓட்டும் பேட்டரியை மட்டும் மாற்ற நேர்ந்தால், எத்தனை சதவீதம் தேய்மானம் கழிப்பீர்கள்? சார்ஜ் செய்யும்போது ஷார்ட் சர்க்யூட்டாலோ, நீர் புகுந்தோ அது பழுதானால் தருவீர்களா?" வாய்மொழியாக வரும் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எழுத்தில் வந்த பதிலை பாலிசியோடு சேர்த்து வையுங்கள். பதில் தர மறுக்கும் கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்கு மாறிவிடுங்கள்.